சுற்றியிருப்பவர்கள் போடும் ஊசி



செய்திகளில் வரும் ‘மந்தை எதிர்ப்பு சக்தி’ என்றால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். சமோவா தீவின் கதையைச் சொன்னால் எளிதில் புரியும்.

தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து, யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாத ஊரில், 12 முதல் 18 பேருக்குப் பரவும். அவர் நெருங்கும் 18 பேரில் 17 பேர் ஊசி போட்டவர்கள் என்றால், கிருமிக்குக் கிடைப்பது ஒரே ஆள். அவரைச் சுற்றியும் அப்படியே இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் 95 சதவீதம் பேருக்கு ஊசி வேண்டும் என்கிறார்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடுவதில்லை. சுற்றியிருப்பவர்கள் போட்ட ஊசிதான் அதற்குக் காவல்.

பசிபிக் கடலில் உள்ள சமோவாவின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். 2018இல் அங்கே ஊசி போட்டதும் இரண்டு குழந்தைகள் இறந்தன. மருந்துப் பொடியைத் தண்ணீருக்குப் பதிலாகத் தவறான மருந்தில் கலந்ததே காரணம், தடுப்பூசியில் குறையில்லை. ஆனாலும் ஊசித் திட்டம் பல மாதம் நின்றது, மக்களும் பயந்தார்கள். அந்த ஆண்டு சுமார் 31 சதவீதக் குழந்தைகளுக்கே ஊசி போடப்பட்டது. 2019இல் தட்டம்மை வந்து 83 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் சிறு குழந்தைகள். அதே சமயம் பக்கத்துத் தீவான டோங்காவிலும் தட்டம்மை பரவியது. அங்கே பெரும்பாலோர் ஊசி போட்டிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

டிசம்பரில் சமோவா அரசு அலுவலகங்களை மூடி, ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. ஊசி போடாதவர்கள் இருந்த வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். ஊசி போட்டவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். நோய் அடங்கியது.

ஒன்றை நினைவில் வையுங்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்க்கே இந்தக் காவல் உண்டு. மண்ணிலிருந்து காயம் வழியாக வரும் டெட்டனசுக்கு, ஊரே ஊசி போட்டிருந்தாலும் நம் ஊசியை நாம்தான் போட வேண்டும்.