பிரித்துச் செலுத்துகையில் சிக்கும் தொகை

ஒரே பில்லின் ஒரு பகுதியைப் பரிசு அட்டையிலோ புள்ளிகளிலோ, மீதியை வங்கி அட்டையிலும் செலுத்தும்போது, கொள்முதல் முறிந்தும் ஒரு பகுதி திரும்பாமல் நிற்பது. வாங்குபவருக்கு இது ஒரே கொடுக்கல்வாங்கல். பின்னணியில் ஒன்றையொன்று அறியாத இரண்டு கணக்குகள்.

பெரும்பாலான இணையக் கடைகள் முதலில் பரிசு அட்டையின் இருப்பைக் கழித்துவிட்டு, பிறகே வங்கி அட்டையிடம் போகின்றன. வங்கி மறுத்தால், முதலில் கழித்ததைத் திரும்பச் சேர்க்கும்படி கடையின் மென்பொருள் தனியாக ஓர் ஆணை அனுப்ப வேண்டும். இணைப்பு நடுவில் அறுந்தால் அந்த ஆணை போவதில்லை. ஆர்டர் பட்டியலில் எதுவும் இருக்காது, அட்டையில் இருப்பு மட்டும் குறைந்திருக்கும்: சிக்கலை அடையாளம் காண இதுவே வழி.

திருவனந்தபுரத்தில் ஒருவர் ஓணத்துக்கு, செப்டம்பர் 1 அன்று, 6,500 ரூபாய்க்குத் துணி வாங்குவதாகக் கொள்வோம். 2,000 ரூபாய் கடையின் பரிசு அட்டையில், 4,500 ரூபாய் டெபிட் கார்டில். இரண்டும் கழிந்துவிட்டன, கடைக்கு வங்கியின் உறுதிச் செய்தி வரவில்லை.

4,500 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை பொருந்தும். பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள், அதாவது செப்டம்பர் 6க்குள், பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. செப்டம்பர் 10இல் திரும்பினால் 400 ரூபாய் சேரும், அதை வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும். தவறான ஓடிபி போட்டதால் முறிந்தது இதில் அடங்காது. தவறு வாடிக்கையாளருடையதாக இருக்கக் கூடாது.

2,000 ரூபாயின் நிலை வேறு. ஒரு கடையில் மட்டும் செல்லும் அட்டையை ரிசர்வ் வங்கி தன் அனுமதி தேவைப்படும் கட்டண முறையாகக் கருதுவதில்லை. ஐந்து நாள் கெடுவும் 100 ரூபாயும் அதற்கு இல்லை. கடையின் சொந்த விதிகள்தான். பல கடைகளில் செல்லும்படி வங்கி வெளியிடும் பரிசு அட்டை ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டது, ஆகவே வாங்கும்போதே வெளியிட்டவர் யார் என்று பார்ப்பது நல்லது. புள்ளிகளின் நிலைதான் மிகவும் பலவீனம்: அவை பணமாகவே கருதப்படுவதில்லை.

அவசரத்தில் முழுத் தொகையையும் வங்கி அட்டையில் கட்டி மறுபடி வாங்குபவர்கள், இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனியே தொடர வேண்டியிருக்கும். வங்கிப் பகுதிக்கு 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணும், பரிசு அட்டைப் பகுதிக்கு இருப்பு காட்டும் திரைப்பிடிப்பும் தேவை. கடையிடம் வங்கிப் பணத்தையும், வங்கியிடம் பரிசு அட்டையையும் கேட்பதுதான் பலர் நாட்களை இழக்கும் இடம்.

வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால், 2021இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் cms.rbi.org.in வழியே புகார் தரலாம். கடையின் அட்டைக்கு அந்தக் கதவு இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையமே வழி. கடை பெங்களூரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குபவர் தாம் வசிக்கும் திருவனந்தபுரத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை.