கூயி: யாருடைய கடிதங்கள்?

இத்தாலியச் சொல் ‘கூயி’, லத்தீனில் ‘யாருக்கு’ எனப் பொருள்பட்ட நான்காம் வேற்றுமை வடிவம். முன்னிடைச்சொல்லுக்குப் பின் வருவது இதுதான். ‘கே’ எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் தனித்தே நிற்கும். ஆங்கில ‘ஹூம்’ செயப்படுபொருளானால் ‘கே’, முன்னிடைச்சொல்லோடு வந்தால் ‘கூயி’.

சிக்கல் ‘ஹூஸ்’ என்பதில்தான். அதற்கு ‘கூயி’க்கு முன் ஒரு சார்படை சேர்ப்பார்கள். அது உடைமைப்பொருளின் பால், எண்ணையே பின்பற்றும்; உடையவரை அல்ல. கடிதங்கள் பெண்பால் பன்மை, எனவே ‘லே கூயி லெத்தெரே’. புதிதாகப் படிப்பவர்கள் உடையவரைப் பார்த்து ‘இல்’ போட்டுவிடுவார்கள்.

‘எழுத்தாளரின் சகோதரி, யாருடைய கடிதங்களைப் படித்தோமோ அவர்’ என்னும் ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘லா சொரெல்லா தெல்லோ ஸ்கிரித்தோரே, லே கூயி லெத்தெரே அப்பியாமோ லெத்தோ’ என்றால் இலக்கணம் சரி. ஆனால் கடிதங்கள் எழுத்தாளருடையவையா, சகோதரியுடையவையா? ‘கூயி’ பால் காட்டாது. சார்படையோ கடிதங்களையே காட்டுகிறது.

இங்கே கைகொடுப்பது ‘இல் குவாலே’. ‘எத்தகைய’ என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்த இது பாலும் எண்ணும் காட்டும். சகோதரியுடையவை என்றால் ‘தெல்லா குவாலே அப்பியாமோ லெத்தோ லே லெத்தெரே’. எழுத்தாளருடையவை என்றால் ‘தெல் குவாலே’. கடிதங்கள் வினைக்குப் பின்னால் போய்விடுவதைக் கவனியுங்கள். எழுத்தாளரும் பெண்ணாக இருந்தால் இந்த உத்தியும் உதவாது. வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடலாம். எல்லா இடத்திலும் ‘இல் குவாலே’ போட்டால் நடை வழக்கறிஞர் நோட்டீஸ் போல் விறைத்துவிடும்.