கட்டமும் பாகையும்: காவிரியின் தலையைத் தேடி

அட்லஸின் பெயரடைவு ஓர் இடத்துக்கு இரண்டு முகவரி தருகிறது. பக்க எண்ணை அடுத்து ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து நிற்பது முதலாவது. அட்சமும் தீர்க்கமும் பாகையிலும் நிமிடத்திலும் நிற்பது இரண்டாவது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகளுக்குக் காவிரி பிறக்குமிடத்தை வரைபடத்தில் குறித்துவரச் சொல்லியிருந்தார்கள். அவள் பெயரடைவைப் பார்த்து, பக்கத்தைப் புரட்டி, பென்சில் முனையை வைத்த பிறகு கேட்டாள்: "சித்தப்பா, இங்க கடல்தானே இருக்கு?"

இரண்டு முகவரிகளும் அவளை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டிருந்தன. கட்டம் பூம்புகார்க் கரையைக் காட்டியது. பாகையும் 11°09′ வடக்கு, 79°52′ கிழக்கு என்று அதே கரையைச் சொன்னது. அவள் வாசித்ததில் பிழை ஒன்றுமில்லை. பெரிய அட்லஸ்கள் பலவற்றில் ஆறுகள் அவை கடலில் சேரும் முகத்துவாரத்தையோ வேறோர் ஆற்றில் கலக்கும் இடத்தையோ வைத்தே அடைவில் இடம்பெறுகின்றன. ஃபிலிப்ஸ் அட்லஸ்கள் இதை அடைவின் முன்குறிப்பிலேயே சொல்லி, ஆற்றுப் பெயர்களுக்குப் பின் ஒரு சிறு அம்புக்குறியும் போடுகின்றன. மலைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சிகரம் ஒரு புள்ளி என்பதால் ஆனைமுடி என்று தேடினால் ஆனைமுடியே கிடைக்கும். ஆறோ ஏறத்தாழ 800 கி.மீ. நீளும் கோடு. அதற்கு ஒற்றை முகவரி கொடுக்க வேண்டுமென்றால் எங்காவது ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அடைவு தயாரிப்பவர்கள் வாலில் நிற்கிறார்கள், திட்டப்பணியோ தலையைக் கேட்கிறது. முகவரிகள் இரண்டும் ஒரே திசையில் தவறுவது இவற்றுக்குள் நாம் காணும் முதல் ஒற்றுமை.

ஆகவே "காவிரி" என்று தேடுவதை விட்டு, தலைக்காவிரி என்ற ஊர்ப்பெயரைத் தேட வேண்டும். ஆங்கில அட்லஸாக இருந்தால், பெயரின் நடுவில் கே வரும் எழுத்துக்கூட்டலையும் சி வரும் எழுத்துக்கூட்டலையும் பார்ப்பது நல்லது. இந்த ஆற்றின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பள்ளி அட்லஸ்களில் தலைக்காவிரி தனிப்பதிவாக இல்லாமலும் போகலாம். அப்போது பக்கத்திலுள்ள மடிகேரியைப் பிடித்துக்கொண்டு தேடலைத் தொடரலாம்.

இனி இரண்டு முகவரிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தென்னிந்தியப் பக்கம் ஒன்று 8 முதல் 20 பாகை வடக்கு வரையும், 72 முதல் 84 பாகை கிழக்கு வரையும் விரிகிறது என்று கொள்வோம். அளவை 1 : 50,00,000, அதாவது 1 செ.மீ.க்கு 50 கி.மீ. இரண்டு பாகைக்கு ஒரு கோடு. எழுத்துகள் மேலிருந்து கீழாகவும் எண்கள் இடமிருந்து வலமாகவும் ஓடுகின்றன. (மாற்றி ஓடும் புத்தகங்களும் உண்டு. அடைவின் முன்குறிப்பைப் படிக்காமல் தொடங்கினால், பக்கத்தின் எதிர்மூலையில் போய் நிற்க நேரும்.) இந்தப் பக்கத்தில் தலைக்காவிரி டி 2 கட்டத்தில் விழும், அதன் பாகை முகவரி 12°23′ வடக்கு, 75°29′ கிழக்கு.

டி 2 என்பதைக் கண் ஒரே வீச்சில் பிடித்துவிடும். 12°23′ என்பதற்கு அளவுகோல் வேண்டும். கட்டத்தின் கீழ்க்கோடு 12 பாகை, மேல்கோடு 14 பாகை. இடையில் 120 நிமிடங்கள். அவற்றில் 23 நிமிடம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கட்டத்தின் உயரம் 4.4 செ.மீ. என்பதால், கீழ்க்கோட்டிலிருந்து 8 மி.மீ.யைச் சற்றுத் தாண்டி மேலே செல்ல வேண்டும். இடக்கோடு 74 பாகை. 75°29′ அதிலிருந்து 89 நிமிடம், அதாவது கட்ட அகலத்தில் ஏறத்தாழ முக்கால். அளவுகோலைப் பக்கத்தின் ஓரத்திலிருந்து வைக்கக் கூடாது. தீர்க்கக்கோடுகள் மேலே போகப் போக நெருங்குவதால், புள்ளிக்கு இருபுறமும் உள்ள கோடுகளுக்கு நடுவில்தான் பங்கு பிரிக்க வேண்டும். எழுத்து முகவரிக்கு இந்த உழைப்பு ஏதும் தேவையில்லை. அதற்கு ஈடாக, கட்டத்துக்குள் எங்கே என்று அது சொல்வதுமில்லை.

கட்டம் சொல்லாமல் விடுவது எவ்வளவு என்பதை நிலத்தில் அளந்தால் வியப்பாக இருக்கும். டி 2 ஏறத்தாழ 222 கி.மீ. உயரமும் 217 கி.மீ. அகலமும் கொண்ட பரப்பு. காசர்கோடு, மங்களூர், மடிகேரி, ஷிவமொக்கா எல்லாம் அதற்குள் அடக்கம். அதோடு, குதிரேமுக மலைத்தொடரில் 13 பாகைக்கு வடக்கே உள்ள கங்காமூலாவும் இதே கட்டத்தில்தான் இருக்கிறது. துங்கா, பத்திரா, நேத்ராவதி ஆகிய மூன்றும் பிறக்கும் இடம் அது. துங்காவும் பத்திராவும் சேர்ந்து கிருஷ்ணைக்குப் போகின்றன. நேத்ராவதி மேற்கே இறங்கி மங்களூரில் அரபிக்கடலைச் சேர்கிறது. ஆக, டி 2 என்று மட்டும் எழுதிய மாணவி நான்கு ஆறுகளின் பிறப்பிடத்தை ஒன்றாகக் குறித்தவள் ஆகிறாள். பாகையும் நிமிடமும் அவற்றைப் பிரித்துக் காட்டும். ஆனால் இவை அண்டை வீட்டுக்காரர்கள் என்பதைப் பாகை ஒருபோதும் சொல்லாது, கட்டமே சொல்லும். துல்லியம் குறைந்த முகவரியிடமிருந்து இப்படியொரு புவியியல் பாடம் கிடைப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

துல்லியமான முகவரி எவ்வளவு துல்லியமானது? நிமிடம் வரை மட்டும் சொல்லும் முகவரியும் உண்மையில் ஒரு கட்டம்தான். அட்சத்தில் ஒரு நிமிடம் 1.85 கி.மீ.; தலைக்காவிரிப் பகுதியில் தீர்க்கத்தின் ஒரு நிமிடம் 1.8 கி.மீ. அவ்வளவு நிலத்துக்கு 12°23′, 75°29′ என்று ஒரே பெயர். இரண்டு முகவரிகளும் கட்டங்களே என்பதுதான் இவற்றுக்கிடையே நான் கண்ட உறவுகளில் மிக நெருக்கமானது. ஒன்று பெரிய கட்டம், மற்றது சிறிய கட்டம். நாம் எடுத்துக்கொண்ட பக்கத்தில் அட்சக்கோடும் தீர்க்கக்கோடுமே டி 2-இன் நான்கு சுவர்களாகவும் நிற்கின்றன. எழுத்தும் எண்ணும் அந்தப் பாகைகளுக்கு இட்ட செல்லப்பெயர்கள். ஆனால் சிறிய கட்டம் இந்த அளவைக்கு மிகையாகவே சிறியது. ஒரு நிமிடம் தாளில் 0.4 மி.மீ.கூட வராது, சீவிய பென்சிலின் புள்ளி அதைவிடத் தடிமன். எழுத்து முகவரி பக்கத்தால் காட்ட முடிந்ததைவிடக் குறைவாகச் சொல்கிறது. பாகை முகவரி பக்கத்தால் காட்ட முடிந்ததைவிட அதிகமாகச் சொல்கிறது.

அந்த இடைவெளியைக் கண்தான் நிரப்ப வேண்டும். பூம்புகாரிலிருந்து நீலக் கோட்டைப் பிடித்து எதிரோட்டமாகப் போக வேண்டும்: திருச்சி, மேட்டூர், கிருஷ்ணராஜசாகர், குடகு. பவானியும் கபினியும் சேரும் இடங்களில் கை வழுக்கித் துணையாற்றில் ஏறிவிடும் ஆபத்து உண்டு. பெயர் எந்தக் கோட்டின் மேல் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கோடு மெலிந்து மறையும் இடமும், அளவுகோல் காட்டிய புள்ளியும் இரண்டு மி.மீ.க்குள் நெருங்கி நின்றால் தேடல் சரி. புள்ளிக்கு அடுத்து மேற்கே உள்ள குட்டையான நீலக் கோடுகள் எல்லாம் அரபிக்கடலை நோக்கிப் போகின்றனவா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. போனால், நாம் நிற்பது நீர்பிரி முகட்டின் கிழக்குச் சரிவு.

தவறும் விதத்தில் இரண்டு முகவரிகளும் வேறுபடுகின்றன. எழுத்து முகவரி தவறினால் உடனே தெரியும். டி 2-ஐ பி 4 என்று வாசித்தால் விரல் தெலங்கானாவில் போய் நிற்கும், குழந்தைக்கும் புரிந்துவிடும். பாகை முகவரி ஓசையில்லாமல் தவறும். 12°23′ என்பதை 12.23 என்று எழுதுவது நான் அதிகம் பார்த்த பிழை. பாகைக்கு 60 நிமிடம் என்பதால் 23 நிமிடம் 0.38 பாகை, ஆகவே கைப்பேசி வரைபடத்தில்

12.383, 75.483

என்று இட வேண்டும். 12.23, 75.29 என்று இட்டால் புள்ளி ஏறத்தாழ 27 கி.மீ. தென்மேற்கே நகர்ந்து கேரளத்துக்குள் விழும். அதுவும் காடும் மேடும்தான், பார்த்தால் பொருத்தமாகவே தோன்றும். மோசம் என்னவென்றால், அந்தத் தவறான புள்ளியும் டி 2-க்குள்ளேயே இருக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கலாம் என்ற நல்ல பழக்கம் இங்கே உதவாது. நீலக் கோடுதான் காப்பாற்றும்.

வாழ்நாளைப் பொறுத்தும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. டி 2 இந்தப் புத்தகத்தின் இந்தப் பதிப்பின் இந்தப் பக்கத்துக்கு மட்டுமே சொந்தம்; பக்கத்து இருக்கைக்காரியின் அட்லஸில் அதே எழுத்து தக்காணத்தில் எங்கோ இருக்கலாம். 12°23′ எல்லாப் புத்தகத்திலும் செல்லும். ஆனால் வெறும் பாகையை வைத்துக்கொண்டு நூறு பக்க அட்லஸைத் திறந்தவருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. எங்கும் செல்லுபடியாகும் முகவரிக்குக் கதவைத் திறந்துவிடுவது அந்தப் பக்க எண்தான்.

அண்ணன் மகள் கடைசியில் இரண்டையும் எழுதினாள். முதல் வரியில் தலைக்காவிரி, 12°23′ வடக்கு, 75°29′ கிழக்கு. அதன் கீழே அட்லஸின் பெயர், பதிப்பாண்டு, பக்கம், டி 2. பூம்புகாரில் வைத்த பழைய புள்ளியை அழிக்க வேண்டாம் என்றேன். அதன் அருகில் "முகத்துவாரம்" என்று எழுதிக்கொண்டாள். பிறகு புதிய புள்ளியிலிருந்து காசர்கோட்டுக் கடற்கரைக்கு அளவுகோலை வைத்துப் பார்த்தாள். ஒரு சென்டிமீட்டரும் ஒரு மில்லிமீட்டரும் வந்தது.

"அப்ப அம்பத்தஞ்சு கிலோமீட்டர்ல ஒரு கடல் இருக்கு, சித்தப்பா. அத விட்டுட்டு இது ஏன் அந்தப் பக்கம் போச்சு?"

மலை நிழலிட்ட பழுப்பு நிறத்தின் மேல் விரலை வைத்து, முகடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.