தாளாய்ப் போன பணம்

1914ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறக்குறைய நான்கு ஜேர்மன் மார்க்குகளாகும். 1923 நவம்பரில் அதே டொலருக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்குகள் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பதே ஆண்டுகளில் ஒரு நாட்டின் நாணயம் இவ்வாறு வெறுந் தாளாய்ப் போனது எங்ஙனம்?

முதலாம் உலகப் போரின் செலவை ஜேர்மன் அரசு வரியால் அன்றிப் பெரும்பாலும் கடனாலேயே ஈடு செய்தது. போர் தோல்வியில் முடிந்தபின் பழைய கடனோடு நட்டஈட்டுச் சுமையுஞ் சேர்ந்தது. வரி விதிக்கத் துணியாத அரசு திறைசேரி உண்டியல்களை எழுதி மத்திய வங்கியிடம் கொடுக்க, வங்கி அவற்றை ஏற்றுப் புதுத் தாள்களை அச்சிட்டு வழங்கியது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர்ப் பிரதேசத்தைக் கைப்பற்றின. அவர்களோடு ஒத்துழையாது வேலை நிறுத்தஞ் செய்த தொழிலாளருக்கு அரசே கூலி கொடுத்தது. அக்கூலியும் அச்சகத்திலிருந்தே வந்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அச்சிட்ட அளவுக்கு மட்டும் விலை ஏறியிருந்தால் அழிவு இத்துணை விரைவாய் வந்திராது. நாளை விலை ஏறும் என்று கண்ட மக்கள் கையிலுள்ள பணத்தை உடனே பொருளாக்க விரைந்தனர். ஆகவே தாள் பெருகிய வேகத்தையும் விலை முந்திற்று. இன்று விதித்த வரி சில வாரங்கள் கழித்து வந்து சேரும்போது பெறுமதியற்றிருந்தது. வருமானம் கரையக் கரைய, அரசு மேலும் அச்சிட்டது. நோயே நோயை வளர்த்தது.

இதன் முடிவு எவ்வாறு வந்தது? 1923 செப்டெம்பரில் ரூர்ப் போராட்டம் கைவிடப்பட்டது. நவம்பர் 15ஆம் நாள் 'றென்ரென்மார்க்' என்னும் புதுநாணயம் வெளிவந்தது. ஓர் இலட்சங் கோடி பழைய மார்க்குகளுக்கு ஒரு புதுமார்க்கு. நிலமும் தொழிலுமே அதற்கு ஈடு என்றனர். ஆயினும் அத்தாளைக் கொடுத்து யாரும் நிலம் பெற இயலாது. உண்மையான மருந்து வேறு. அதே நாளில் மத்திய வங்கி அரசின் உண்டியல்களை ஏற்பதை நிறுத்தியது. அரசு பெறக்கூடிய புதுநாணயக் கடனுக்கும் 120 கோடி என எல்லை வகுக்கப்பட்டது. பின்னர் அரசு ஊழியர் பல இலட்சம் பேர் நீக்கப்பட்டனர், வரிகள் உயர்ந்தன, 1924இல் வரவும் செலவும் சமமாயின. பிற நாடுகளிலும் பெரும்பாலும் இவ்வாறே இந்நோய் தீர்ந்துள்ளது: செலவுக்காக அச்சிடுவது நின்றது என்பதை மக்கள் நம்பும் நாளிலேயே விலை நிற்கும்.

ஆனால் விலை கொடுத்தவர் யார்? கடன் வாங்கித் தொழிற்சாலைகளைக் குவித்த ஹியூகோ ஸ்ரின்னெஸ் போன்ற முதலாளிகள் செல்லாத தாளால் கடனைத் தீர்த்தனர். அரசின் போர்க் கடனும் அவ்வாறே கரைந்தது. தேசபக்தியால் அக்கடன் பத்திரங்களை வாங்கிய ஆசிரியரும் விதவையும் வாழ்நாட் சேமிப்பை இழந்தனர். தொழிலாளி நாட்கூலியைப் பெற்றதும் அது கரையுமுன் கடைக்கு ஓடினான். வரி விதிக்க அஞ்சிய அரசு வரி விதிக்காமலில்லை. எவரிடம் தற்காப்பில்லையோ அவரிடமே அதனை அறவிட்டது.