ஒரு அணா டிபன்: சென்னை மாநகராட்சி இழந்த கதை

இன்னைக்கு எபிசோடு 1920-ல, ஆயிரம் விளக்குல இருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியில ஆரம்பிக்குது.

அப்போ மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். தி.நகருக்குப் பேர் கொடுத்தவரே தான். அந்தப் பள்ளிப் பிள்ளைங்க ரொம்ப ஏழைங்க, பசியில வர்றதில்லை, அதனால வகுப்பு காலியா இருக்குன்னு கவுன்சில்ல பேச்சு வருது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாம டிபன் கொடுக்கலாம்னு தீர்மானம் போடுறாங்க. பிறகு இன்னும் நாலு பள்ளிக்கு அதை விரிவுபடுத்துறாங்க. சில வருஷத்துல அந்தப் பள்ளிகள்ல பிள்ளைங்க எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகுது.

1925-ல திட்டம் நின்னு போச்சு. பசி தீர்ந்துட்டதால இல்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து டிபனுக்குச் செலவு பண்ணக்கூடாதுன்னு மேல இருந்த மாகாண அரசு சொல்லிடுச்சு. பிறகு கவுன்சிலர்கள் வற்புறுத்தி மறுபடி தொடங்கினாங்க.

எனக்கு இந்தக் கதையில முக்கியமாப் படுறது அந்த நிதித் தலைப்பு தான். பள்ளி மாநகராட்சியோடது, பிள்ளைங்க பசிக்கிறாங்கன்னு பார்த்ததும் மாநகராட்சி. ஆனா எந்தக் கணக்குல எழுதலாம்னு முடிவு பண்றது வேற ஒருத்தர்.

தண்ணியும் அப்போ மாநகராட்சி வேலை தான். 1914-ல திறந்த கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தைக் கட்டினவர் மாநகராட்சியோட சிறப்புப் பொறியாளர் மேட்லி. மழை பெஞ்சா மாம்பலம் பக்கம் மூழ்குற மேட்லி சப்வே ஞாபகம் இருக்கா? அதே பேர் தான். (தண்ணி கொண்டு வந்தவர் பேரை தண்ணி தேங்குற இடத்துக்கு வச்சிருக்கோம்.)

இனி 1973. மஸ்டர் ரோல் ஊழல்னு ஒண்ணு வெடிக்குது. மஸ்டர் ரோல்னா தினக்கூலி ஆட்களோட வருகைப் பதிவேடு. இல்லாத ஆளுங்க பேர்ல கூலி எடுத்திருக்காங்க. மாநில அரசு கவுன்சிலையே கலைச்சிட்டு, அதிகாரி கையில நிர்வாகத்தைக் கொடுத்துச்சு. தப்பு நடந்தது உண்மை. ஆனா அடுத்த தேர்தல் எப்போ தெரியுமா? 1996. நடுவுல 23 வருஷம்.

அந்த இடைவெளியில தான், 1978-ல, மெட்ரோவாட்டர் வாரியம் பிறந்துச்சு. குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிலிருந்து அதுக்குப் போயிடுச்சு. வாரியத் தலைவர் மாநில அமைச்சர், நிர்வாக இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மழைநீர்க் கால்வாயும் குப்பையும் பள்ளிகளும் மாநகராட்சிக்கிட்டயே தங்கிடுச்சு. இதை எதிர்த்துக் கேட்க அன்னைக்கு ஒரு கவுன்சிலர் கூட இல்லை.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஏரிகள் நகர எல்லைக்கு வெளிய இருக்கு. பெரிய குழாய்த் திட்டங்களுக்குக் கடன் வாங்க ஒரு தனி அமைப்பு வசதியாத்தான் இருந்துச்சு. டிபன் கதையிலயும் அப்படித்தான். மதிய உணவு தமிழ்நாடு முழுக்கப் போனது 1956-ல காமராஜர் அரசு எடுத்ததால. ஒரு மாநகராட்சியால அது முடியாது. ஆனா ஐடியா ஆயிரம் விளக்குல தான் வந்துச்சு. வகுப்பு காலியா இருக்கிறது கண்ணுல படுற தூரத்துல இருந்தவங்களுக்குத் தான் அது தோணுச்சு.

1993-ல 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்துச்சு. நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 வேலைகளை அது பட்டியல் போடுது. குடிநீர் அதுல இருக்கு. துப்புரவும் இருக்கு. ஆனா இந்த அதிகாரங்களை மாநிலம் 'கொடுக்கலாம்'னு தான் எழுதியிருக்கு, 'கொடுக்க வேண்டும்'னு இல்லை. அதனால 1996-ல கவுன்சில் திரும்பி வந்துச்சு, தண்ணி வரலை. அப்புறம் 2016-லிருந்து 2022 வரைக்கும் மறுபடியும் கவுன்சிலே இல்லாம ஓட்டினோம்.

இதோட விளைவை உங்க தெருவுலயே பார்க்கலாம். ரோட்டு நடுவுல வட்ட மூடி இருந்தா பெரும்பாலும் அது பாதாளச் சாக்கடை, மெட்ரோவாட்டரோடது. ரோட்டு ஓரமா கான்கிரீட் பலகை போட்டு நீளமாப் போறது மழைநீர்க் கால்வாய், மாநகராட்சியோடது. சாக்கடைக் குழாய் நிரம்பி வழிஞ்சாலோ, யாராவது வீட்டுக் கழிவைத் திருட்டுத்தனமா கால்வாயில இணைச்சிருந்தாலோ, ரெண்டும் கலந்துடும். மழைக்காலத்துல கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஏப்ரல் மாசம், மழையே இல்லாத ஒரு நாள், அந்த ஓரக் கால்வாய்க்குள்ள எட்டிப் பாருங்க. உள்ள தண்ணி ஓடுதுன்னா அது மழைத்தண்ணி இல்லை. 1913-க்குப் போன் பண்ணா மாநகராட்சி எடுக்கும். கால்வாய் அவங்களோடது. உள்ள ஓடுறது அவங்களோடது இல்லை.