புரூட்டஸின் வீடும் பெல்லேயின் பெயரும்

1789 ஆகஸ்ட் 25 அன்று பாரிஸ் லூவர் அரண்மனையில் அரசு ஓவியக் கழகத்தின் கண்காட்சி திறந்தது. பாஸ்டில் சிறை விழுந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாளே மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. அந்தக் கண்காட்சிக்குச் சற்றுத் தாமதமாக ஒரு பெரிய ஓவியம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் உயரம், நாலு மீட்டருக்கும் மேல் அகலம். வரைந்தவர் ழாக்-லூயி டேவிட். பெற்ற பிள்ளைகளின் பிணங்கள் வீட்டுக்குள் வரும் நேரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ரோமானியத் தகப்பனைப் பற்றியது அது.

சீசரைக் குத்திய புரூட்டஸ் அல்ல இவன். அவனுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முந்தியவன், லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ். ரோமின் கடைசி மன்னனை விரட்டிக் குடியரசை நிறுவியவன் என்று ரோமானியர்களின் பழங்கதை அவனைச் சொல்கிறது. விரட்டப்பட்ட மன்னனைத் திரும்பக் கொண்டுவர ஒரு சதி நடக்கிறது. அதில் அவனுடைய இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். குடியரசின் தலைவன் என்ற முறையில் அவனே அவர்களுக்கு மரண தண்டனை விதித்து, அது நிறைவேறுவதையும் உடனிருந்து பார்க்கிறான்.

இந்த ஓவியத்துக்குப் பணம் கொடுத்தது புரட்சிக்காரர்கள் அல்ல, மன்னன் பதினாறாம் லூயியின் அரசாங்கம். டேவிட்டின் பேர்பெற்ற 'ஹொரேஷியர்களின் சபதம்' படத்துக்கும் அதே கஜானாதான் கூலி கொடுத்தது. அரண்மனைக் கலைத்துறைக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. பிரபுக்களின் படுக்கையறைக் கூத்துகளையும் காதல் லீலைகளையும் வரைந்தது போதும். பண்டைய கிரேக்க ரோமானிய வீரர்களின் தியாகத்தையும் கட்டுப்பாட்டையும் வரைந்து மக்களுக்கு ஒழுக்கம் கற்பிக்கலாம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நவசெவ்வியல் ஓவியம் என்று இன்று நாம் சொல்லும் பாணி இப்படி அரசு ஆதரவிலும் வளர்ந்ததுதான். நாட்டுக்காக உயிர் கொடு என்று சொன்னால் அது மன்னனுக்காக உயிர் கொடு என்றே விளங்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 1789 கோடையில் அந்தக் கணக்கு புரண்டது. மன்னனின் பணத்தில் வரைந்த படத்தின் நாயகன், மன்னராட்சிக்கு ஆதரவாகச் சதி செய்தவர்களைக் கொன்றவனாக இருந்தான். அதிகாரிகள் சங்கடப்பட்டார்கள். படத்தைத் தடுக்கப் போகிறார்கள் என்று பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது. கடைசியில் படம் மாட்டப்பட்டது.

டேவிட் இதைப் புரட்சிக்காகவே வரைந்தார் என்று சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. பாஸ்டில் விழுவதற்கு வெகு முன்பே தொடங்கிய படம் இது. படத்தை அரசியலாக்கியவர்கள் அதைப் பார்க்க வந்த மக்கள். 1790 நவம்பரில் வோல்தேரின் பழைய 'புரூட்டஸ்' நாடகத்தைப் பாரிஸில் மறுபடி மேடையேற்றினார்கள். கடைசிக் காட்சியில் நடிகர்கள் டேவிட்டின் படத்தில் இருப்பதுபோலவே அமர்ந்தும் நின்றும் காட்ட, அரங்கம் ஆர்ப்பரித்தது. பிறகு புரூட்டஸின் மார்பளவுச் சிலைகள் அரசியல் மன்றங்களில் ஏறின. 1793 ஜனவரியில் மன்னனுக்கு மரண தண்டனை கேட்டு வாக்களித்தவர்களில் டேவிட்டும் ஒருவர்.

இப்போது படத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். புரூட்டஸ் இடப்பக்கத்து இருட்டில், ரோமாபுரித் தெய்வத்தின் சிலையடியில் உட்கார்ந்திருக்கிறான். சதிக் கடிதம் கையில் கசங்கியிருக்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. முகம் மறைப்பதைக் கால் சொல்லிவிடுகிறது. அவனுக்குப் பின்னால் பிணங்களைத் தூக்கி வருகிறார்கள். வெளிச்சமெல்லாம் வலப்பக்கத்துப் பெண்கள்மேல் விழுகிறது. தாய் கையை நீட்டி அலறுகிறாள். ஒரு மகள் மயங்கிச் சரிகிறாள். நடுவில் ஒரு காலி நாற்காலியும், மேசைமேல் பாதியில் விட்ட தையல் கூடையும். நாட்டின் பெயரால் முடிவெடுத்தவன் ஆண். அதன் விலையைக் கொடுப்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வீரத்தைப் புகழ வந்த படம், டேவிட் நினைத்தாரோ இல்லையோ, இதையும் காட்டிவிடுகிறது.

வலப்பக்கக் கோடியில் இன்னொருத்தி இருக்கிறாள். துணியால் முகத்தை முழுக்க மூடி அழுகிறாள். வீட்டு வேலைக்காரி, பிள்ளைகளை வளர்த்த செவிலி என்று பொதுவாக அடையாளம் சொல்கிறார்கள். முகத்தை மூடிக் காட்டுவது பெருந்துயரத்துக்குப் பண்டைய ஓவியர்கள் கையாண்ட உத்திதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் முகம் இல்லாமல் போனவள் அவள் ஒருத்தியே என்பதை நம் கண் பார்க்காமல் விடுமா?

புரூட்டஸின் குடியரசே பத்ரீசியர் என்ற மேல்குலத்தாரின் குடியரசு. ப்ளெபியர் என்ற கீழ்க்குடியினர் பதவிக்கு வரப் பல தலைமுறை போராட வேண்டியிருந்தது. தேர்தலில் வென்றாலும் தெய்வத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற மத நம்பிக்கை அவர்களை எப்படிக் கட்டிப்போட்டது என்பதை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்துக்காட்டினார். அந்த ரோமுக்குக் கீழே அடிமைகள் வேறு இருந்தார்கள். பாரிஸ் கொண்டாடிய பண்டைய அறம் இவர்களைப் பற்றிப் பேசவில்லை. பாரிஸும் பேசவில்லை. மனிதர்கள் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள் என்று 1789இல் அறிவித்த பிரகடனம், கரீபியன் தீவான சான் டொமிங்கில் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆப்பிரிக்க அடிமைகளைத் தொடவே இல்லை.

அவர்கள் 1791 ஆகஸ்டில் தாங்களே எழுந்தார்கள். 1793இல் அங்கிருந்த பிரெஞ்சு ஆணையர் அடிமைமுறை ஒழிப்பை அறிவிக்க நேர்ந்தது. 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் மாமன்றம் அதைச் சட்டமாக்கியபோது அவையில் ழான்-பாப்டிஸ்ட் பெல்லே உட்கார்ந்திருந்தார். ஆப்பிரிக்கக் கரையோரத்து கோரே தீவில் பிறந்து, அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, தன் விலையைத் தானே கட்டி விடுதலையானவர். அப்போது சான் டொமிங்கின் மக்கள் பிரதிநிதி.

டேவிட்டின் மாணவர் ஜிரோதே 1797இல் அவரை வரைந்தார். பிரதிநிதிக்குரிய உடையில், இடுப்பில் மூவர்ணக் கச்சையோடு, ஒரு பீடத்தில் முழங்கையை ஊன்றி நிற்கிறார் பெல்லே. பண்டைய சிலைகளில் தேவர்கள் சாய்ந்து நிற்கும் நிலை அது. பீடத்தின்மேல் அடிமைமுறையைக் கண்டித்த நூலால் அறியப்பட்ட பாதிரியார் ரேனாலின் வெண்பளிங்குத் தலை, ரோமானிய முதியவரைப் போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் அந்தத் தீவின் நிலமும் கடலும். பரிந்து எழுதியவர் கல்லாகப் பீடத்தில் இருக்கிறார். விடுதலையை வாங்கியவர் உயிரோடு நிற்கிறார். ரேனாலைப் பெருமைப்படுத்தும் படம் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. பெல்லேயின் பார்வை ரேனால் பக்கம் போகவே இல்லை என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது அதற்கு வைத்த தலைப்பு 'ஒரு நீக்ரோவின் உருவப்படம்'. மறு ஆண்டு, 1798இல், அரசுக் கண்காட்சியில்தான் 'குடிமகன் பெல்லே, குடியேற்றங்களின் முன்னாள் பிரதிநிதி' என்று பெயர் வந்தது. புரூட்டஸை எல்லோரும் பெயர் சொல்லி அழைத்த ஊரில், உயிரோடு இருந்த ஒரு மக்கள் பிரதிநிதிக்குத் தன் படத்தில் பெயர் கிடைக்க ஓராண்டு ஆயிற்று.

1802இல் நெப்போலியன் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறைக்கு மறுபடி சட்ட ஏற்பளித்தார். அதே ஆண்டு பெல்லே கைது செய்யப்பட்டார். 1805இல் பிரான்சின் பெல்-ஈல் தீவுச் சிறையில் இறந்தார். மன்னராட்சியை எதிர்த்த புரூட்டஸை வரைந்த டேவிட் அந்த ஆண்டு பேரரசரின் முதல் ஓவியர் என்ற பட்டத்தோடு நெப்போலியனின் முடிசூட்டு விழாவை வரைந்துகொண்டிருந்தார்.