நினைவு மாளிகை: ரோமிலிருந்து நான்சாங் வரை



போன வாரம் நம் மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். "சார், என் பையன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். அரசியலமைப்புத் திருத்தங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் குழம்பிவிடுகிறான். 'மெமரி பேலஸ்' என்று ஒன்று சொல்கிறார்களே, அது உண்மையிலேயே பலன் தருமா, வெறும் வித்தையா?" பதிலைக் கமெண்ட்டில் நாலு வரியில் எழுதி முடிக்க முடியவில்லை. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாற்றோடுதான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு ஏறத்தாழ 2500 வயது என்று சொல்லலாம். கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் ஒரு விருந்துக்குப் போயிருந்தார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் வெளியே வந்த நேரத்தில் கூரை இடிந்து விழுந்து, உள்ளே இருந்தவர்கள் அடையாளம் தெரியாதபடி நசுங்கிப் போனார்கள். எந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைவுகூர்ந்து, ஒவ்வோர் உடலையும் அந்தந்தக் குடும்பத்திடம் அவர் அடையாளம் காட்டினாராம். ரோமானிய வழக்கறிஞர் சிசரோ கி.மு. 55இல் எழுதிய நூலில் இந்தக் கதை வருகிறது. கதை நடந்ததோ இல்லையோ, அதன் சாரம் ஒன்றுதான். பெயர் மறந்துபோகும், ஆனால் இடம் சுலபமாக மறக்காது. நினைவில் நிற்க வேண்டியதை இடத்தில் வைத்துவிட்டால், இடங்களின் வரிசையே பொருள்களின் வரிசை ஆகிவிடும்.

இதை விதிகளாக எழுதிவைத்த பழைய நூல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் எழுதப்பட்டது. ஆசிரியர் பெயர் தெரியாது. ஹெரென்னியஸ் என்பவருக்கு எழுதிய பேச்சுக்கலை நூல் என்பதால் அந்தப் பெயரிலேயே வழங்குகிறது. அவர் சொல்லும் விதிகள் ஒரு நல்ல வாத்தியார் சொல்வது போலவே இருக்கும். இடங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கக்கூடாது. ஒரே மாதிரித் தூண்களை வரிசையாக எடுத்துக்கொண்டால் எந்தத் தூணில் எதை வைத்தோம் என்று குழம்பும். இடங்களுக்கு நடுவே சுமார் 30 அடி இருக்கட்டும். ரொம்ப இருட்டும் வேண்டாம், கண் கூசும் வெளிச்சமும் வேண்டாம். வைக்கும் உருவம் சும்மா நிற்கக்கூடாது. ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், சிரிப்போ அருவருப்போ வர வேண்டும். ஐந்தாவது இடத்தில் ஒரு தங்கக் கையை வையுங்கள் என்கிறார், ஐந்து விரல் அல்லவா! பத்தாவது இடத்தில் டெசிமஸ் என்ற பெயருள்ள தெரிந்தவர் ஒருவரை நிறுத்தச் சொல்கிறார். லத்தீனில் அந்தப் பெயருக்குப் 'பத்தாமவன்' என்று பொருள். வரிசையில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள இது ஒரு மைல்கல்.

இன்னொன்றும் சொல்கிறார்: உருவங்களை அவரவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், வாத்தியார் தயாரித்துக் கொடுக்கக்கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்கு வாருங்கள். இந்த முறை ஒரு பெரிய தேர்வுமுறையோடு நேருக்கு நேர் மோதிய கதை அது.

மத்தேயோ ரிச்சி இத்தாலியில் 1552இல் பிறந்த இயேசு சபைத் துறவி. ரோமில் படித்த நாளில் இந்தக் கலையைக் கற்றவர். 1578இல் கோவாவுக்கு வந்து, கொச்சியில் 1580இல் குருப்பட்டம் பெற்று, பிறகு சீனாவுக்குப் போனார். 1595இல் நான்சாங் நகரில் குடியேறினார். விருந்துகளில் சீனப் பண்டிதர்கள் தொடர்பில்லாத எழுத்துகளை வரிசையாக எழுதிக் காட்டுவார்கள். ரிச்சி ஒருமுறை பார்த்துவிட்டு முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்வார். அந்த மாகாண ஆளுநரின் மூன்று மகன்கள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தேறினால்தான் பதவி, மரியாதை எல்லாம். நம் வீட்டுப் பிள்ளைகள் கதைதான். அவர்களுக்காக 1596இல் ரிச்சி சீன மொழியில் நினைவுக்கலை நூல் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

நூலில் ஒரு வரவேற்புக் கூடம் வருகிறது. அதன் நான்கு மூலைகளில் நான்கு உருவங்கள். ஒரு மூலையில் இரண்டு வீரர்கள். ஒருவன் ஈட்டியை ஓங்க, மற்றவன் அவன் கையைப் பிடித்துத் தடுக்கிறான். 'போர்' என்பதற்கான சீன எழுத்தைப் பிரித்தால் ஈட்டியும் தடுப்பதும்தான் வரும். இன்னொரு மூலையில் உழவன் அரிவாளால் கதிர் அறுக்கிறான். 'லாபம்' என்ற எழுத்தில் கதிரும் கத்தியும் இருக்கின்றன. வேறொரு மூலையில் ஒரு பெண் குழந்தையோடு நிற்கிறாள். 'நல்லது' என்ற எழுத்து பெண்ணும் பிள்ளையும் சேர்ந்தது. அந்நிய மொழியில் ஒருவர் இவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறாரே என்று வியப்பாக இருக்கும்.

ஆனால் பலன்? ரிச்சியைப் பற்றி 1984இல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் ஜோனத்தன் ஸ்பென்ஸ் சொல்வது இது: ஆளுநரின் மகன்கள் தேர்வில் நன்றாகவே தேறினார்கள், ஆனால் திரும்பத் திரும்ப ஓதி மனப்பாடம் செய்யும் தங்கள் பழைய சீன வழியில்தான் தேறியிருக்கிறார்கள். மூத்த மகன், விதிகள் எல்லாம் சரிதான், ஆனால் இவற்றைப் பயன்படுத்தவே அபார நினைவாற்றல் வேண்டும் என்ற பொருளில் நண்பர் ஒருவரிடம் சொன்னானாம்.

ஏன் இப்படி ஆயிற்று? என் கருத்தில் காரணம் இரண்டு. முதலாவது, உருவங்கள் ரிச்சி செய்தவை, பையன்கள் செய்தவை அல்ல. இரண்டாவதுதான் முக்கியம். சீனத் தேர்வுக்குக் கன்பூசிய மூல நூல்கள் சொல்லுக்குச் சொல் தெரிய வேண்டும். நினைவு மாளிகை அதற்கான கருவி அல்ல. முதல் நூற்றாண்டிலேயே ரோமின் பேராசிரியர் குவின்டிலியன் இதைச் சொல்லிவிட்டார். ஏலத்தில் விற்ற பொருள்களை வரிசையாகச் சொல்ல இது உதவும். ஒரு முழுப் பேச்சை வார்த்தை பிசகாமல் சொல்ல உதவாது என்றார். 'ஆனால்', 'ஆகவே' போன்ற சொற்களுக்கு என்ன உருவம் வைப்பீர்கள்? பாட்டுக்கும் உரைநடைக்கும் ஓசை இருக்கிறது, ஒரு சொல் அடுத்ததை இழுத்து வரும். வெறும் பட்டியலுக்கு அந்த இழுப்பு இல்லை. அங்கேதான் மாளிகை வேண்டும்.

சட்டத் திருத்தங்கள் அப்படிப்பட்ட பட்டியல்தான். செய்து பார்ப்போம். மாளிகை என்று பெயர் இருந்தாலும் நம் பழைய ஊர்வீடே போதும். வாசல், திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை. எட்டும் எட்டு விதம். கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்.

வாசலில் ஒரு குடியானவர் கோலத்தின் மேலேயே ஏர் ஓட்டுகிறார். பக்கத்தில் ஒன்பது பூட்டுப் போட்ட பெட்டியைத் திறக்க முடியாமல் ஒரு நீதிபதி திணறுகிறார். இது 1வது திருத்தம், 1951: நிலச்சீர்திருத்தச் சட்டங்களைக் காக்க வந்த ஒன்பதாவது அட்டவணை. திண்ணையில் தேசப்படம் போல ஒரு பெரிய தோசை. கத்தரிக்கோலால் வெட்ட வெட்ட ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மொழியில் கத்துகிறது. 7வது, 1956, மாநிலச் சீரமைப்பு. ரேழியில் முகவுரைப் படத்துக்குள் 'சமதர்ம', 'மதச்சார்பற்ற' என்ற சொற்களைச் சுத்தியலால் அடித்துச் செருகுகிறார்கள். பாட்டி விரல் நீட்டிக் கடமைகளை எண்ணுகிறாள். 42வது, 1976. முற்றத்தில் கொட்டும் மழை. வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் தூம்பு வழியாக வெளியே போகின்றன. 44வது, 1978, சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து வெளியே போனது.

கூடம் ஐந்தாவது இடம், தங்கக் கை அங்கே. ஒரு எம்.எல்.ஏ. ஓர் ஊஞ்சலிலிருந்து இன்னோர் ஊஞ்சலுக்குத் தாவுகிறார். தங்கக் கை அவர் சட்டைக் காலரைப் பிடிக்கிறது. 52வது, 1985, கட்சித்தாவல் தடை. அடுக்களையில் 21 இட்லி. யாரோ மூன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓட, மிச்சம் 18. 61வது, 1988, வாக்களிக்கும் வயது. கிணற்றைச் சுற்றி ஊர்ப் பஞ்சாயத்து. ராட்டினக் கயிற்றில் வாளிக்குப் பதில் தலைவரம்மா நாற்காலியோடு மேலே வருகிறார். 73வது, 1992. கொல்லையில் மாமரத்துக் கிளை எல்லாம் சிலேட்டோடு பிள்ளைகள். 86வது, 2002, கல்வி உரிமை.

இப்போது ஒரு குறை தெரியும். இடம் வரிசையைத் தருகிறது, எண்ணைத் தருவதில்லை. கூடம் என்றால் ஐந்தாவது என்று தெரியும், 52 என்று எப்படித் தெரியும்? அதற்கு நம் பழைய வாய்ப்பாடு வழிதான். 1, 7, 42, 44, 52, 61, 73, 86 என்று ராகம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். எட்டு எண், எட்டு இடம். ஐந்தாவது எண்ணும் தங்கக் கையும் ஒன்றையொன்று சரிபார்க்கும். சீனப் பையன்களின் வழியும் ரிச்சியின் வழியும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன.

நீட்டுக்குப் படிக்கும் பேத்திகளுக்கும் ஒரு வார்த்தை. கிளைகாலிசிஸுக்குப் பத்துப் படிகள். பத்து இடங்கள் போதும். முதல் ஐந்து படிகளில் செல் ஏடிபியைச் செலவழிக்கிறது, அடுத்த ஐந்தில் வரவு. தங்கக் கை சரியாக அந்த எல்லையில் நிற்கும். ஆனால் ஒரு படி ஏன் நடக்கிறது என்பதை மாளிகை சொல்லாது. அதைப் பாடம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரஷ்ய உளவியலாளர் லூரியா, அபார நினைவாற்றல் கொண்ட ஒருவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மாஸ்கோ தெருவில் மனத்தால் நடந்து பட்டியலைச் சொல்லும் அந்த மனிதரும் சில சமயம் ஒன்றை விட்டுவிடுவார். கேட்டால், முட்டையை வெள்ளைச் சுவர் அருகே வைத்துவிட்டேன், கண்ணில் படவில்லை என்பார். மறதி அல்ல, வைத்த இடம் சரியில்லை. நம் ரேழியும் இருட்டுத்தான். ஒரு விளக்கை ஏற்றிவிட்டு வையுங்கள். இடத்துக்குப் போய் நின்றால் இடம் மட்டும் தெரிந்து உருவம் தெரியவில்லை என்றால், அந்த உருவம் சும்மா நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். மாற்றுங்கள். ஒரே வீட்டில் இன்று திருத்தமும் நாளை வேதியியலும் வைத்தால் பழைய உருவங்கள் போகாமல் அங்கேயே நிற்கும். பாடத்துக்கு ஒரு வீடு: ஊர்வீடு, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு போகும் வழி.

சோதிக்கும் முறை எளிது. கொல்லையிலிருந்து வாசலுக்குப் பின்னோக்கி நடந்து சொல்லச் சொல்லுங்கள். பிறகு நடுவில், முற்றத்துக்கு அடுத்து என்ன என்று கேளுங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் இதையே கேளுங்கள். பின்னோக்கித் தடுமாறினால் வாயால் மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறான், வீட்டுக்குள் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

அம்மா, உன் பையனுக்கு நான் சொன்ன தோசையும் இட்லியும் வேண்டாம். அவன் வீட்டை அவனே நடந்து பார்த்து, அவன் உருவங்களை அவனே வைக்கட்டும். எட்டையும் வைத்து முடித்ததும் எழுதச் சொல். அவன் வாசலில் யார் ஏர் ஓட்டுகிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.